விசேஷ வீட்டுச் சத்தத்திற்கு அக்கம்பக்கத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதும் குறிப்பு: முதல்முறை எழுதுவோருக்கு

மதுரையில் பதினான்கு வீடுகளே உள்ள ஒரு குறுக்குத் தெருவில், எட்டு மாதங்களுக்கு முன் வாடகைக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தினர், தங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டுக் காதணி விழா நடத்த முடிவு செய்தார்கள். சனிக்கிழமை மாலை மைக்செட் கட்டுவது, ஞாயிறு காலை தாய்மாமன் சீர் மேளத்தோடு தெருமுனையிலிருந்து வருவது, அதன்பின் காதுகுத்து, மதியம் வரை விருந்து என்பது அவர்களுடைய திட்டம். தெருவில் இருப்பவர்களை முகம் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குத்தான் அவர்களுக்குப் பழக்கம். இரண்டு நாள் சத்தத்திற்காக முன்கூட்டியே ஒரு தாளில் மன்னிப்புக் கேட்டு எல்லா வீடுகளுக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, அந்த வீட்டுத் தலைவி தாம் எழுதியதை என்னிடம் காட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"வருகிற ஞாயிறு அன்று எங்கள் இல்லக் காதணி விழா நடைபெற இருப்பதால், அதனால் ஏற்படும் அசௌகரியங்களைப் பொறுத்துக்கொண்டு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

இதில் பிழை என்று சுட்ட ஒரு சொல்லும் இல்லை; ஆனாலும் சாலையில் குழி தோண்டிய இடத்தில் நட்டு வைக்கும் பலகையில் இருப்பதும் இதே வாசகம்தான். எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடியும், என்ன சத்தம் வரும், தாங்க முடியாவிட்டால் யாரிடம் சொல்வது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் பதில் இல்லை. அந்தத் தாளை எப்படி மாற்றி எழுதினோம், எழுதுவதற்கு முன் என்னென்ன விசாரிக்க வேண்டியிருந்தது, விழா முடிந்த மறுநாள் ஏன் இரண்டாவது தாள் ஒன்று எழுத வேண்டி வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அழைப்பு, பிறகு குறிப்பு

புதிதாகக் குடிவந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, அழைப்பையும் மன்னிப்பையும் ஒரே தாளில் சேர்ப்பது. அதைவிடப் பெரிய தவறு, அழைக்காமலே மன்னிப்புக் குறிப்பை மட்டும் கொடுப்பது. "சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள நாங்கள் வேண்டும், சாப்பிட மட்டும் நாங்கள் வேண்டாமா?" என்று எதிர்வீட்டம்மாள் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. விருந்துக்குப் பதினான்கு வீடுகளையும் அழைக்க இடமில்லை என்றாலும், சத்தம் நேராகச் சென்று சேரும் வீடுகளையாவது, அதாவது இரு பக்கத்து வீடுகளையும் எதிரே உள்ள இரண்டு மூன்று வீடுகளையும், கணவனும் மனைவியும் சேர்ந்து சென்று குங்குமம் கொடுத்து, பத்திரிகை வைத்து அழைத்தே ஆக வேண்டும். வீட்டு உரிமையாளர் அதே தெருவில் இருந்தால் அவருக்குத்தான் முதல் அழைப்பு. தெரு நடுவே பந்தல்கால் நடப்போவதை அவர் பிறர் வாயால் கேட்கக் கூடாது.

மன்னிப்புக் குறிப்பை இந்த அழைப்புக்கு ஓரிரு நாள் கழித்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். குறிப்பில் தடவக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றினாலும், மஞ்சள் தடவிய தாள் கைக்கு வந்தால் அதை அழைப்பு என்று எடுத்து, முழுதும் படிக்காமலே சாமி படத்தருகே வைத்துவிடுவார்கள். குறிப்பு படிக்கப்பட வேண்டிய தாள்; சனிக்கிழமை வரை கண்ணில் படும் இடத்தில் கிடக்க வேண்டிய தாள்.

மைக்செட்காரரிடமும் பந்தல்காரரிடமும் கேட்க வேண்டியவை

வீட்டில் உட்கார்ந்து யோசித்து இந்தக் குறிப்பை எழுத முடியாது, ஏனென்றால் விழாவின் சத்தத்தில் பெரும்பகுதி விழா வீட்டாரின் கையில் இல்லை. பாட்டுப் போடுபவர், மேளக்காரர், சமையல்காரர், பந்தல்காரர் ஆகிய நால்வரிடமும் எப்போது வருவீர்கள், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே நேரத்தைக் குறிப்பில் போட வேண்டும். அந்தக் குடும்பத்தினர் கேட்டபோது, அவர்கள் நினைத்தே பார்க்காத மூன்று சத்தங்கள் தெரியவந்தன.

முதலாவது, விடியற்காலைப் பாட்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், விழா நாளன்று ஐந்து மணிக்கே பக்திப் பாடலைப் போட்டுவிடுவது மைக்செட்காரர்கள் பலருடைய பழக்கம். அதை மங்களகரமான தொடக்கமாக அவர் கருதுகிறார்; ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது ஏழு மணி வரை தூங்க நினைக்கும் தெரு அப்படிக் கருதாது. இரண்டாவது, சமையல். இருநூறு பேருக்குக் காலைச் சிற்றுண்டி வேண்டுமென்றால் மூன்றரை மணிக்கு அடுப்புப் பற்ற வேண்டும், அண்டா குண்டாக்களைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் ஒலி அந்த நேரத்தில் பாட்டைவிடத் தெளிவாகக் கேட்கும். மூன்றாவது, பந்தல் பிரிப்பது. அடுத்த ஊரில் வேலை இருப்பதால் ஞாயிறு இரவே பத்து மணிக்கு மேல் வந்து இரும்புக் குழாய்களைக் கழற்றிக்கொள்வதாகப் பந்தல்காரர் சொன்னார். குழாயைக் கழற்றி லாரியில் எறியும் சத்தத்தை யாரும் விழாச் சத்தமாக எண்ணுவதில்லை, ஆகவே எந்தக் குறிப்பிலும் அது இடம்பெறுவதுமில்லை. ஆனால் விழா முடிந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தவர்களை எழுப்புவது அதுதான்.

இவற்றில் மாற்றக்கூடியதை மாற்றிவிட்டு, மாற்ற முடியாததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்பதே முறை. பாட்டுக் காலை ஏழு மணிக்கு மேல்தான் என்று மைக்செட்காரரிடம் உறுதி வாங்கினார்கள். பந்தலைத் திங்கள் காலை எட்டு மணிக்குப் பிரிக்கப் பந்தல்காரர் ஒப்புக்கொண்டார், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார், கொடுத்தார்கள். சமையலை மட்டும் தள்ளிப்போட முடியவில்லை. எனவே பாத்திரங்களை முந்தின இரவே அடுப்பருகில் வைத்துவிடுவது, கீழே சாக்குப் போடுவது என்று ஏற்பாடு செய்து, மீதிச் சத்தத்தைக் குறிப்பில் ஒப்புக்கொள்ள முடிவு செய்தார்கள்.

ஜெனரேட்டர் வைப்பதாக இருந்தால் அது யார் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நிற்கும் என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். நம் விருந்தினரின் காதுக்குத் தொல்லை வேண்டாம் என்று பந்தலிலிருந்து தள்ளி நிறுத்தினால், அது பெரும்பாலும் விழாவோடு தொடர்பே இல்லாத ஒருவரின் வாசலாகத்தான் இருக்கும், புகையும் அவருக்கே போகும். முடிந்தால் நம் சுவரை ஒட்டியே நிறுத்த வேண்டும். முடியாதென்றால் அந்த ஒரு வீட்டுக்காரரிடம் நேரில் அனுமதி கேட்க வேண்டும்.

சட்டம் சொல்வது

இந்தியாவில் ஒலிமாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. அவற்றின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கியையோ, ஓசை எழுப்பும் இசைக்கருவியையோ பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் ஓசையெழுப்பும் வெடியும் அந்த நேரத்தில் கூடாது. பகலானாலும் ஒலிபெருக்கிக்கு முன்அனுமதி எழுத்து வடிவில் பெற்றிருக்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுக் கொடுக்கலாம். கூம்பு ஒலிபெருக்கிக்குப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி தருவதில்லை, ஆகவே பெட்டி ஒலிபெருக்கி என்றே பேசி முடிப்பது நல்லது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அளவுக்கு அமைதிப் பகுதி அறிவிக்கப்பட்டிருக்கலாம். வீடு அப்படி ஒரு இடத்தில் இருந்தால் மைக்செட் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

குறிப்பு எழுதுபவருக்கு இவற்றில் முக்கியமானது இன்னொரு எண். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல். தனியாருக்குச் சொந்தமான இடத்தில் வைக்கும் ஒலியமைப்பு, அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. ஆக, நம் மதிற்சுவரோரம் 60 டெசிபல்தான் எல்லை. இருவர் பக்கத்தில் நின்று இயல்பாகப் பேசிக்கொள்ளும் சத்தமே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். பந்தலில் பாட்டுப் போட்டாலே அந்த அளவைத் தாண்டிவிடுவோம் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதனால்தான் "நாங்கள் முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறோம்" என்ற வரியைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். அனுமதிச் சீட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், காவலர் வந்து கேட்டால் காட்டலாம். அக்கம்பக்கத்தாரிடம் அதைச் சொன்னால், மன்னிப்புக் கேட்பவர் திடீரென்று வாதாடத் தொடங்கியதுபோல் ஆகிவிடும்.

சத்தத்தைக் குறைக்க நம்மால் ஆவதும் உண்டு. திறந்தவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து உள்ள தொலைவு இரட்டிப்பாகும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இருபுறமும் சுவர் நெருங்கிய சந்தில் அந்த அளவுக்குக் குறையாது. ஆகையால் ஒலிபெருக்கியைத் தெருவைப் பார்த்து வைக்காமல் பந்தலுக்குள் பார்க்கத் திருப்பி வைப்பதும், பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் சாய்க்காமல் இருப்பதும், பேஸைக் குறைக்கச் சொல்வதும் பலன் தரும். மற்ற ஓசையை ஜன்னல் அடைத்துத் தடுக்கலாம், பேஸ் மட்டும் சுவர் வழியாகவே வந்துவிடும். "ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்று யாரிடமும் சொல்லக் கூடாததற்கு மரியாதை ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

யார் வீட்டில் யார் இருக்கிறார்கள்

பதினான்கு வீட்டுக்கும் ஒரே குறிப்புப் போதும், ஆனால் எல்லா வீட்டிலும் அது ஒரே பொருளைத் தராது. அந்தத் தெருவில் விசாரித்தபோது மூன்று வீடுகள் தனியாகக் கவனிக்க வேண்டியவை என்று தெரிந்தது. எதிர்வீட்டில் மகள் பிரசவத்திற்கு வந்து, குழந்தைக்கு இரண்டு மாதம். இடப்பக்க வீட்டில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் ஒருவர். காலை எட்டரைக்கு வந்து மதியம் இரண்டு மணி வரை தூங்குபவர். தெருக்கோடி வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடியவில்லை.

செவிலியரின் நிலைமை எழுதுபவரின் கணக்கையே புரட்டிவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்கே பாட்டை நிறுத்துகிறோம் என்பது மற்றவர்களுக்கு ஆறுதல், அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தவில் முழங்கும்போதுதான் அவருக்கு நடுநிசி. அவரிடம் ஒரு வாரம் முன்பே போய்ச் சொன்னார்கள். பணிநேரப் பட்டியல் போடுவதற்கு முன் தெரிந்தால் சனி இரவு விடுப்போ பணிமாற்றமோ கேட்க அவருக்கு வழி உண்டு. வெள்ளிக்கிழமை சொன்னால் அந்த வழியும் அடைபட்டுவிடும். எதிர்வீட்டுக் குழந்தைக்காக, வாசலில் வெடி போடுவதில்லை என்று முடிவாயிற்று. தாய்மாமன் வீட்டாருக்கு இதில் வருத்தம்தான், ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

துக்க வீட்டுக்குத் தாள் கொடுத்து அனுப்பக் கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் தனியாகச் சென்று, உட்கார்ந்து, முதலில் துக்கம் விசாரித்துவிட்டு, இந்த நேரத்தில் இப்படி ஒரு சத்தம் உங்கள் காதில் விழப்போகிறதே என்று தாமே சொல்ல வேண்டும். சீர் ஊர்வலம் தெருக்கோடியிலிருந்து புறப்படுவதாக இருந்ததை மறுமுனைக்கு மாற்றி, அந்த வீட்டைக் கடந்து மேளம் வராதபடி செய்தார்கள். எவ்வளவு நயமாக எழுதினாலும் ஒரு தாளால் இதைச் செய்திருக்க முடியாது.

எழுதும் மொழி

இப்போது தாளுக்கு வருவோம். ஏ4 தாளில் பாதி போதும். கையால் எழுதி நகலெடுத்தாலும் சரி, தட்டச்சு செய்தாலும் சரி. மேலே ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் பேனாவால் எழுதுவது நல்லது. "அன்புடையீர், வணக்கம்" என்ற தொடக்கம் நமக்குப் பழகியது, யாருக்கும் பொருந்துவது. "ஐயா / அம்மையீர்" என்று தொடங்கினால் மனுவாகிவிடும்.

மன்னிப்புக்கு உரிய சொல்லைத் தேர்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "பொறுத்துக்கொள்ளவும்" என்பது கட்டளை. "ஒத்துழைப்பு நல்குமாறு" என்பது அலுவலக அறிவிப்பு. "வருந்துகிறோம்" என்பது தொலைக்காட்சித் திரையில் ஒரு காலத்தில் அடிக்கடி வந்த "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பதைத்தான் நினைவுபடுத்தும். இம்மூன்றிலும் மன்னிப்பைக் கேட்கும் ஆள் ஒளிந்துகொள்கிறார். "மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்", "பொறுத்தருள வேண்டுகிறோம்" என்பவற்றில் கேட்பவர் முன்னால் வந்து நிற்கிறார். அதேபோல் "அசௌகரியம் ஏற்படலாம்" என்பதைவிட "உங்களுக்குத் தொல்லை தரப்போகிறோம்" என்பது நேர்மையானது. தொல்லை தானாக ஏற்படப்போவதில்லை, நாம்தான் தரப்போகிறோம். "ஒலி" என்று எழுத வேண்டாம், "சத்தம்" என்றே எழுதலாம்.

சேர்க்கவே கூடாத ஒரு தொடர் உண்டு. "ஒரு நாள்தானே" என்பதை அக்கம்பக்கத்தார் நமக்குச் சொல்லலாம், "பரவாயில்லம்மா, ஒரு நாள்தானே" என்று பெருந்தன்மையோடு சொல்லவும் செய்வார்கள். நாம் முந்திக்கொண்டு சொன்னால் அவர்களுடைய பெருந்தன்மையை நாமே எடுத்துச் செலவழித்தது போலாகும். குழந்தைகளின் சந்தோஷத்துக்காக, பெரியவர்கள் ஆசைப்பட்டதால் என்பன போன்ற காரணங்களையும் விட்டுவிடலாம். காதுகுத்து ஏன் நடத்துகிறோம் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை.

நேரத்தை எழுதும்போது, உண்மையில் முடியும் என்று நம்பும் நேரத்திற்கு அரைமணி பின்னதாக எழுதுவது பாதுகாப்பானது. ஒன்பது என்று எழுதி எட்டரைக்கு நிறுத்தினால் நல்ல பெயர். எட்டரை என்று எழுதி ஒன்பதுக்கு நிறுத்தினால் வாக்குத் தவறியவர்கள்.

கடைசியாகத் தொலைபேசி எண். எல்லோரும் வீட்டுத் தலைவரின் எண்ணையே கொடுக்கிறார்கள். விழா நேரத்தில் அவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார், கைப்பேசி உள்ளே அலமாரியில் அடித்துக்கொண்டிருக்கும். எடுக்காத எண்ணைக் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். விழாவில் சடங்குப் பொறுப்பு எதுவும் இல்லாத ஒருவரை, இங்கே பிள்ளைகளின் சித்தப்பாவை, மைக்செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் எண்ணைக் கொடுக்க வேண்டும். பாட்டுச் சத்தத்தைப் பற்றி அவர் சொல்வதை மட்டும்தான் கேட்க வேண்டும் என்று மைக்செட்காரரிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் மாமன் வீட்டு இளவட்டங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கூட்டச் சொல்வார்கள்.

திருத்தி எழுதிய குறிப்பு இது. பெயர்களையும் எண்ணையும் மட்டும் விட்டிருக்கிறேன்:

"அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பிள்ளைகளின் காதணி விழா வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நடைபெறுகிறது. அதை முன்னிட்டுச் சனிக்கிழமை மாலை 5 மணி முதல் இரவு 9 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரையிலும் ஒலிபெருக்கியில் பாட்டு இருக்கும். ஞாயிறு காலை 9 மணியளவில் தாய்மாமன் சீர் மேளத்தோடு தெருவுக்குள் வரும். அந்த அரைமணி நேரம் சத்தம் மிகுதியாக இருக்கும். அன்று விடியற்காலை மூன்றரை மணிக்கே சமையல் தொடங்குவதால் பாத்திரச் சத்தமும் கேட்கும். திங்கள் காலை 8 மணிக்குப் பந்தல் பிரிப்பார்கள்.

வெடி போடுவதில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னும் பின்னும் பாட்டு இராது.

இந்த இரண்டு நாளும் உங்கள் தூக்கத்துக்கும் ஓய்வுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தொல்லை தரப்போகிறோம். அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். சத்தம் தாங்க முடியாமல் இருந்தாலோ, வண்டி எடுக்க வழி வேண்டியிருந்தாலோ, எந்த நேரமானாலும் பிள்ளைகளின் சித்தப்பாவை அழையுங்கள்; உடனே குறைக்கச் சொல்வார், வழி விடச் செய்வார்.

இப்படிக்கு,
கதவு எண் 9, மாடி வீட்டுக் குடும்பத்தார்"

கொடுப்பது

குறிப்பைப் புதன்கிழமை மாலை ஆறரைக்கு மேல், வேலைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பிய பிறகு, வீடு வீடாகக் கையில் கொடுத்தார்கள். இதற்கு மேல் முன்னதாகக் கொடுத்தால் மறந்துபோகும், வெள்ளிக்கிழமை கொடுத்தால் யாராலும் எந்த ஏற்பாடும் செய்துகொள்ள முடியாது. பூட்டிய வீட்டில் கதவிடுக்கில் செருகிவிட்டு மறுநாள் ஒருமுறை பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். குழுவில் போட்டவுடன் நான்கு பேர் கைகூப்பும் படத்தைப் போடுவார்கள், இரண்டு பேர் வாழ்த்துச் சொல்வார்கள். அதன்பின் தொல்லை உள்ளவர் வாயைத் திறக்க முடியாது. நேரில் போனபோதோ, செவிலியர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், தம் மகனுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு இணையவழித் தேர்வு இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பத்து முதல் பதினொன்றரை வரை ஒலிபெருக்கியை நிறுத்தி வைப்பதாக அங்கேயே சொல்லிவிட்டு வந்தார்கள். காதுகுத்தும் அந்த நேரத்தில்தான். ஆசாரி குத்தும்போது பாட்டு எதற்கு?

நாளன்று, அதன் மறுநாள்

காதுகுத்து வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மொய் எழுதுவதை ஒலிபெருக்கியில் பெயர் பெயராக வாசிக்கும் வழக்கத்தையும் கைவிட்டு, மேசையில் மட்டும் எழுதினார்கள். தெருவுக்கு அதனால் கிடைத்த அமைதி கொஞ்சநஞ்சமல்ல. சறுக்கியது சனி இரவில். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரவேண்டிய மாமன் வீட்டு வண்டி எட்டரைக்கு மேல் வந்து சேர்ந்தது. வந்த இளைஞர்கள் ஆட ஆரம்பித்தார்கள், சித்தப்பா சாப்பிட உள்ளே போயிருந்தார், பாட்டு நின்றபோது மணி பத்து இருபது. அவர் கைப்பேசியில் மூன்று அழைப்புகள் எடுக்கப்படாமல் இருந்தன. விதியும் மீறப்பட்டது, எழுத்தில் கொடுத்த வாக்கும் தவறியது.

இதுபோல் நடந்தால் இரண்டாவது குறிப்பு கட்டாயம். முதல் தாள் இல்லாதிருந்தால் அது வெறும் சத்தம்; ஒன்பது மணி என்று எழுதிக் கொடுத்த பிறகு அது ஏமாற்று. இரண்டாவது குறிப்பு முதலாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், நடந்ததைக் கடிகார நேரத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். "ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்ற தொடர் இங்கே மிகவும் தவறு. மூன்று அழைப்பு வந்த பிறகு "இருந்தால்" எங்கிருந்து வருகிறது? வண்டி தாமதமான கதையையும் எழுதக் கூடாது. நேரில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் திங்கள் மாலை கொடுத்தது:

"அன்புடையீர், வணக்கம்.

சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் பாட்டை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்திருந்தோம். 10.20 வரை பாடவிட்டோம். நீங்கள் அழைத்தபோது எடுக்கவும் இல்லை. இரண்டும் எங்கள் தவறு. உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

கதவு எண் 9, மாடி வீட்டுக் குடும்பத்தார்"

இதையும் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அழைத்த மூன்று வீடுகள், ஒட்டியுள்ள இரண்டு வீடுகள், எதிர்வீடு ஆகிய ஆறு வீடுகளுக்குக் கொடுத்தார்கள், கொண்டுபோனது சித்தப்பா. விருந்தில் மிஞ்சிய லட்டைக் கூடவே எடுத்துப் போகலாமா என்று கேட்டார்கள். பலகாரம் ஞாயிறு மாலையே எல்லா வீட்டுக்கும் போயிருந்ததால் வேண்டாம் என்றேன். தட்டோடு போனால் அதை வாங்கி வைக்கும் பேச்சிலேயே மன்னிப்பு கரைந்துவிடும்.

யாராவது காவல்துறைக்குப் புகார் செய்திருந்தால், யார் சொன்னது என்று தெருவில் விசாரிக்கவே கூடாது. காவலர் சொன்னவுடன் நிறுத்திவிட்டு, இதே குறிப்பை, புகாரைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல், எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோலக் கொடுக்க வேண்டும். ஆறு வீட்டுக்கு மட்டும் கொடுத்தால், அந்த ஆறு பேரில் ஒருவர்தான் என்று நாம் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

எதிர்வீட்டம்மாள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, குழந்தை பத்து மணிக்குத்தான் எப்போதுமே தூங்கும், பரவாயில்லை என்றாராம். செவிலியர் சனி இரவு பணிக்குச் சென்றிருந்ததால் அந்தப் பாட்டு அவர் காதில் விழவேயில்லை; ஞாயிறு காலைக்கு மட்டும் அவர் தங்கை வீட்டில் போய்த் தூங்கியிருக்கிறார்.